அரபு லேபலை யாரிடம் கொடுத்துத் தமிழாக்குவது?

வவுனியாவிலும் மன்னாரிலும் கிளிநொச்சியிலும் வளைகுடாச் சாமான் விற்கிற கடைகள் இருக்கின்றன. பால்மா ரின், சீஸ், பேரீச்சம்பழம், வேபர் பிஸ்கட், ஜெலி இனிப்பு என்று ஒரு தட்டு முழுக்க அரபு எழுத்து. வாங்குகிற ஆள் பக்கெற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இதில என்ன போட்டிருக்கு, எப்ப முடியுது?" என்று கேட்பார். அதற்குத்தான் தமிழ் ஸ்டிக்கர். அதை அச்சடிக்கிறது சின்ன வேலை, எந்த ரைப்செற்றிங் கடையிலும் முடியும். ஸ்டிக்கரில் எழுதப்போகிற சொற்களை யார் தருவது என்பதுதான் பிரச்சினை.

எங்கள் பக்கம் இதற்கு ஐந்து வழி இருக்கிறது. பக்கெற்றின் மறுபக்கத்தில் உள்ள ஆங்கிலத்தைப் பார்த்து எழுதலாம். போன் கமராவை எழுத்தின் மேல் பிடித்து மொழிபெயர்க்கலாம். குவைத்திலோ சவூதியிலோ வீட்டுவேலைக்குப் போய் வந்த ஒரு அக்காவிடம் காட்டலாம், இந்தப் பக்கம் அப்படிப் போய் வந்தவர்களுக்குக் குறைவில்லை. மதரசாவில் அரபு படித்த மௌலவியிடம் கேட்கலாம். கடைசியாக, கொழும்பில் உள்ள சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பலாம். கடைசி வழியை இப்போதே தள்ளிவைத்துவிடுகிறேன். அவர்கள் அதிகம் செய்வது விவாகப் பதிவு, பொலிஸ் அறிக்கை போன்ற பத்திரங்கள். முத்திரை குத்தித் தருகிற அந்த வேலைக்குரிய காசை ஒரு பிஸ்கட் பக்கெற்றுக்குக் கொடுத்தால் கட்டாது. பெரிய அளவில் கொள்கலன் இறக்குகிறவருக்கு வேண்டுமானால் சரி. மிச்ச நான்கையும் லேபலின் மூன்று இடங்களில் வைத்துப் பார்ப்போம், ஏனென்றால் ஒரு இடத்தில் நன்றாகச் செய்கிற ஆள் இன்னொரு இடத்தில் சறுக்குவார்.

முதலில் சேர்பொருட்கள். அரபில் "அல்-முகவ்வினாத்" என்று தொடங்கும், அதற்குப் பிறகு அதிகம் உள்ளது முதலில் என்கிற ஒழுங்கில் வரிசை போகும். பேச்சுக்கு ஒரு வேபர் பக்கெற்றை எடுத்துக்கொள்வோம். அதில் இருப்பது: தகீக் கம்ஹ், சுக்கர், ஸைத் நகீல், ஃபூல் சூதானி, மஸ்ல் ஹலீப் முஜஃப்ஃபஃப், நஷா, முஸ்தஹ்லிப் (லெசித்தின் அஸ்-ஸோயா, E471), மில்ஹ், நக்ஹா. அதாவது கோதுமை மா, சீனி, பாம் எண்ணெய், கச்சான், உலர்த்திய பால்மோர்த்தெளிவு, மாப்பொருள், பால்மமாக்கி, உப்பு, சுவையூட்டி. பார்க்கப் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை, ஆனால் மூன்று சொல்லில் எல்லோரும் வேறு வேறு விதமாக விழுவார்கள்.

ஸைத் நகீல். குர்ஆனில் நக்ல், நகீல் என்று வருவது பேரீச்ச மரம். மதரசாவில் படித்த பிள்ளையிடம் கொடுத்தால் "பேரீச்ச எண்ணெய்" என்று எழுதித் தரப் பார்க்கும், படித்ததை வைத்துப் பார்த்தால் அது பிழையும் இல்லை. ஆனால் உணவுப் பொதியில் ஸைத் நகீல் என்றால் பாம் எண்ணெய்தான். இந்த இடத்தில் கமரா சரியாகச் சொல்லும், ஏனென்றால் இந்தச் சொல் லட்சக்கணக்கான லேபல்களில் வருவது. அதே கமரா பேரீச்சம்பழ அல்வாவின் சேர்பொருளில் "தம்ர்" வந்தால் "திகதிகள்" என்று தந்துவிடக்கூடும், காரணம் அரபு ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்தால், பழத்துக்கும் நாளுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். "சேர்பொருட்கள்: திகதிகள், எள், சீனி" என்று ஸ்டிக்கர் அடித்தால் கடைக்காரர் சிரிப்புக்காளாவார், ஆபத்து ஒன்றும் இல்லை. அடுத்ததில் ஆபத்து இருக்கிறது.

ஃபூல் சூதானி. சொல்லைப் பிரித்தால் சூடான் அவரை மாதிரி வரும், ஆனால் அது கச்சான். ஃபூல் என்று தனியாக நின்றால் அவரை இனத்தைச் சேர்ந்த வேறொரு பயறு, எகிப்துக்காரர் காலையில் அவித்துச் சாப்பிடுவது. கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு இரண்டும் வெவ்வேறு உலகம். வளைகுடாவில் சமையலறையில் நின்ற அக்காவுக்கு இது தெரியும், ஒரு நொடி யோசிக்காமல் "கச்சான் தம்பி" என்பார். கமராவும் பெரும்பாலும் சரியாகப் பிடிக்கும், ஆனால் தமிழில் "வேர்க்கடலை" என்று போடும். எங்களூரில் கடலை என்றால் கொண்டைக்கடலை, கோவிலில் அவித்துக் கொடுக்கிறது. வேர்க்கடலை என்று கண்ட அம்மா ஒருத்தி அதையும் கடலையில் ஒரு வகை என்று நினைத்துப் பிள்ளைக்குக் கொடுத்தால் ஸ்டிக்கரைத்தான் குற்றம் சொல்ல வேண்டும். வன்னியில் விற்கிற பக்கெற்றில் "கச்சான்" என்று எழுதவேண்டும், அதைக் கமராவோ தமிழ்நாட்டு அகராதியோ தராது.

மூன்றாவது லபன், அது இந்த வேபரில் இல்லாவிட்டாலும் வேறு பக்கெற்றுகளில் வரும். இதுதான் நான்கு வழிகளையும் நன்றாகச் சோதிக்கிற சொல். வளைகுடாவில் லபன் என்றால் மோர் மாதிரிக் குடிக்கிறது, போத்தலில் விற்பார்கள். சிரியா, லெபனான் பக்கம் அது தயிர். எகிப்தில் வெறும் பால். ஆகவே ஒரு பிஸ்கட்டில் "லபன் பூத்ரா" என்று இருந்தால், குவைத்தில் வேலை செய்த அக்கா சொல்லுவார்:

"தம்பி, லபன் எண்டா மோர், நான் தினமும் வாத்துக் குடுத்தனான்."

மௌலவி சொல்லுவார்: "இல்லையே, லபன் பால்தானே, குர்ஆனிலும் சுவனத்தில் பாலாறு என்று வருகிற இடத்தில் அந்தச் சொல்தான் இருக்கு."

இரண்டு பேரும் சரி. தீர்ப்பு அந்தப் பக்கெற்றில்தான் இருக்கிறது, எந்த நாட்டு உற்பத்தி என்று பார்க்க வேண்டும். எகிப்து என்று இருந்தால் அது பால்மா. வளைகுடா என்றால் பால்மாவுக்குப் பொதுவாக ஹலீப் என்ற சொல் வரும், லபன் வந்தால் புளித்த வகை. ஆகவே லபன் வந்த லேபலில் முதலில் நாட்டைப் பார்த்து, பிறகு சொல்லுக்கு வாருங்கள்.

இதுபோல இன்னும் ஒன்று சொல்லி விடுகிறேன்: "ஸம்ன் நபாத்தி". ஸம்ன் என்றால் நெய், நபாத்தி என்றால் தாவரம் சார்ந்தது. சேர்த்துப் பார்த்தால் மரக்கறி எண்ணெயைக் கெட்டியாக்கிய கொழுப்பு, நாங்கள் பசுநெய் என்று சொல்வது இல்லை. "நெய்" என்று மட்டும் எழுதினால் வாங்குகிறவரை ஏமாற்றுவதாகிவிடும்.

ஆங்கிலப் பக்கம் இந்தச் சொற்களில் பெரும்பாலும் காப்பாற்றும், அதனால்தான் நான் அதை முதல் வழியாக வைக்கிறேன். ஆங்கிலத்தில் கச்சான் கச்சானாகவே இருக்கும், பாம் எண்ணெய் பாம் எண்ணெயாகவே இருக்கும். ஆனால் அதை நம்பி அரபைப் பார்க்காமல் விடக்கூடாது. சில பக்கெற்றில் ஆங்கிலம் சுருக்கமாக இருக்கும், சிலதில் ஆங்கிலம் உள்ள பக்கத்தின் மேல் இறக்குமதியாளரின் ஸ்டிக்கர் ஒட்டி மறைத்திருக்கும், உள்நாட்டுச் சந்தைக்கு மட்டும் செய்த பொருளில் ஆங்கிலமே இல்லாமலும் இருக்கும். வரிகளை எண்ணிப் பார்த்தால் தெரியும். அரபில் பத்து சேர்பொருள் இருந்து ஆங்கிலத்தில் ஏழு இருந்தால் ஆங்கிலத்தை மூடிவையுங்கள். கமா அரபிலும் உண்டு, தலைகீழாக இருக்கும், எழுத்துத் தெரியாதவரும் அதை எண்ணலாம். அடைப்புக்குறிக்குள் இருக்கிற கமாவையும் சேர்த்து எண்ணுங்கள், அங்கேதான் பால்மமாக்கியின் பெயர் ஒளிந்திருக்கும்.

ஒவ்வாமை எச்சரிக்கையைத் தனியாகப் பார்க்க வேண்டும், அது பெரும்பாலும் சேர்பொருள் வரிசைக்கு அடியில் ஒரு வரியாக வரும். "யஹ்தவீ அலா" என்றால் அடங்கியுள்ளது. "கத் யஹ்தவீ அலா" என்றால் அடங்கியிருக்கக்கூடும். இந்தக் "கத்" என்கிற சின்னச் சொல்லில்தான் வித்தியாசம் முழுக்க. அரபு இலக்கணத்தில் அது இறந்தகால வினைக்கு முன் வந்தால் நிச்சயத்தைக் காட்டும், நிகழ்கால வினைக்கு முன் வந்தால் "கூடும்" என்கிற சந்தேகம். குர்ஆனில் பழகியவர் முதல் பொருளை அதிகம் கண்டிருப்பார், ஆகவே மதரசாவின் முதல் வருட மாணவன் அவசரத்தில் "நிச்சயமாக அடங்கியுள்ளது" என்று எழுதிவிடலாம். மூத்த மௌலவி விழமாட்டார். பேச்சு அரபு மட்டும் தெரிந்த அக்காவுக்கு அதை வாசிக்கவே முடியாமல் போகலாம், ஏனென்றால் வீட்டுவேலையில் காதால் படித்த மொழி, கண்ணால் இல்லை. வாசித்துக் காட்டினால் அவர் உடனே பொருள் சொல்வார். இதனால்தான் நான் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைக்கச் சொல்கிறேன்: மௌலவி எழுத்தை வாசிக்கட்டும், அக்கா அது சமையலறையில் என்ன என்று சொல்லட்டும். தனித்தனியாக இரண்டு பேரிடமும் கேட்டால் இரண்டு பதில் வரும், சேர்த்து வைத்தால் அவர்களுக்குள் பேசி ஒன்றுக்கு வருவார்கள்.

1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதால் இந்தப் பக்கத்து மௌலவிமார் பலரின் குடும்பம் இன்னும் புத்தளத்தில் இருக்கிறது. மன்னார் முசலியிலும் முல்லைத்தீவு நீராவிப்பிட்டியிலும் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் உங்கள் ஊரில் ஒருவர் கிடைக்காவிட்டால் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். அப்படி அனுப்பும்போது முழு பக்கெற்றையும் ஒரே படமாக எடுக்காமல், சேர்பொருள் ஒரு படம், திகதி ஒரு படம், முத்திரை ஒரு படம் என்று நல்ல வெளிச்சத்தில், மடிப்பில்லாமல் விரித்து எடுத்து அனுப்புங்கள். மடிப்புக்குள் போன ஒரு புள்ளி அரபில் எழுத்தையே மாற்றிவிடும்.

அடுத்து ஹலால். இங்கே ஆட்கள் செய்கிற பிழை வேறு மாதிரி. "ஹலால்" என்கிற சொல் எல்லோருக்கும் தெரியும், ஆகவே மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடுவார்கள். பக்கெற்றில் அது நான்கு விதமாக வரும், நான்கும் நான்கு பொருள். ஒரு நிறுவனத்தின் முத்திரை இருக்கும், வட்டத்துக்குள் அரபில் ஹலால் என்றும் சுற்றிச் சான்று கொடுத்த அமைப்பின் பெயரும். அல்லது முத்திரை இல்லாமல் "ஹலால்" என்று உற்பத்தியாளரே அச்சிட்டிருப்பார். இறைச்சிப் பொருளில் "துபிஹ அலா அத்தரீக்கா அல்-இஸ்லாமிய்யா" என்று இருக்கும், இஸ்லாமிய முறைப்படி அறுக்கப்பட்டது என்று பொருள். நான்காவது, "லா யஹ்தவீ அலா தஹ்ன் அல்-கின்ஸீர்", பன்றிக் கொழுப்பு இல்லை என்று மட்டும்.

இந்த நான்கையும் "ஹலால் சான்றிதழ் பெற்றது" என்று ஒரே வரியில் போட்டால், முதலாவதைத் தவிர மூன்றுக்கும் நீங்கள் இல்லாத சான்று கொடுத்ததாக ஆகிவிடும். பன்றிக் கொழுப்பு இல்லை என்பது ஹலால் என்பதற்குச் சமன் இல்லை, மாட்டு ஜெலற்றின் இருந்து அந்த மாடு எப்படி அறுபட்டது என்று தெரியாமல் இருக்கலாம். ஆகவே என்ன எழுதியிருக்கிறதோ அதையே எழுதுங்கள்: "பொதியில் உள்ள குறிப்பு: பன்றிக் கொழுப்பு இல்லை." முத்திரை இருந்தால் அதைக் கொடுத்த அமைப்பின் பெயரையும் நாட்டையும் எழுதுங்கள். முத்திரையின் படத்தை ஸ்கான் செய்து உங்கள் ஸ்டிக்கரில் அடிக்கவே வேண்டாம், அது அவர்களுடைய உரிமை, நீங்கள் அடித்தால் நீங்கள் சான்று கொடுத்த மாதிரி.

இந்த விஷயத்தில் இலங்கையில் ஏற்கெனவே பட்ட அனுபவம் உண்டு. உள்நாட்டில் ஹலால் சான்றிதழை முதலில் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா கொடுத்து வந்தது, 2013 இல் அதைச் சுற்றி எழுந்த எதிர்ப்புப் பிரச்சாரத்துக்குப் பிறகு அந்த வேலை அதற்கென்று தனியான ஒரு அமைப்புக்கு மாறியது. வெளிநாட்டு முத்திரை உள்ள பொதி வேறு, உள்நாட்டுச் சான்று உள்ள பொதி வேறு என்பதை வாங்குகிற முஸ்லிம் சகோதரர்கள் நன்றாக அறிவார்கள். அவர்களுக்கு வேண்டியது எந்த அமைப்பு கொடுத்தது என்பதுதான், "ஹலால்" என்று நீங்கள் பெரிய எழுத்தில் போடுவது இல்லை. அதேபோல முத்திரை இல்லாத வளைகுடாப் பொருள் ஹலால் இல்லை என்றும் அர்த்தம் இல்லை, அங்கே இறைச்சி உள்ளே வருவதற்கே அறுப்புச் சான்று கேட்பார்கள், ஆகவே பிஸ்கட்டில் தனி முத்திரை குத்தாமலே விடுவார்கள். முத்திரையும் குறிப்பும் இல்லாவிட்டால் ஸ்டிக்கரில் அந்த வரியையே விட்டுவிடுங்கள், "ஹலால் அல்ல" என்று யாரும் எழுதாதிருக்கட்டும்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. வன்னிக் கடைக்கு வருகிறவர்களில் பலர் சைவர்கள். வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிற ஒருவர் ஜெலி இனிப்பு வாங்கும்போது ஹலால் முத்திரையைப் பார்த்துத் திருப்திப்பட்டால் அது அவருக்குத் தேவையான தகவல் இல்லை. "ஜிலாத்தீன் பகரி" என்று சேர்பொருளில் இருந்தால் அது மாட்டிலிருந்து எடுத்த ஜெலற்றின். ஹலாலாக இருக்கலாம், ஆனால் மச்சம். ஆங்கிலப் பக்கத்தில் சில நேரம் வெறும் ஜெலற்றின் என்று மட்டும் இருக்கும், அரபில்தான் "பகரி" சேர்ந்திருக்கும். இதற்காகவே அரபுப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். "மாட்டு ஜெலற்றின்" என்று தெளிவாக எழுதுங்கள், விற்பனை குறையும் என்று முதலாளி முணுமுணுத்தாலும். சீஸில் "மின்ஃபஹா" என்று வந்தால் பாலைத் திரட்டுகிற நொதி, "மைக்ரோபிய்யா" சேர்ந்தால் நுண்ணுயிரிலிருந்து எடுத்தது, சைவர் சாப்பிடலாம். E471 மிருகக் கொழுப்பிலும் செய்யலாம், தாவர எண்ணெயிலும் செய்யலாம், "மின் மஸ்தர் நபாத்தி" என்று பக்கத்தில் இருந்தால்தான் தாவரம் என்று எழுதலாம். எழுதாத இடத்தில் நீங்களாக ஒன்றையும் சேர்க்க வேண்டாம்.

இனித் திகதி. ஸ்டிக்கர் வேலையில் மிகவும் அபாயமான இடம் இதுதான். சேர்பொருளில் ஒரு சொல் பிசகினால் சொற்பப் பேருக்குத் தீங்கு, திகதி பிசகினால் பக்கெற் வாங்கின எல்லோருக்கும். பி.எச்.ஐ. வந்தால் முதலில் பார்ப்பதும் திகதியைத்தான்.

அரபில் உற்பத்தி "இன்தாஜ்", முடிவு "இன்திஹா". இரண்டும் அலிஃப், நூன், தா என்கிற ஒரே மூன்று எழுத்தில் தொடங்கும். பக்கெற்றின் ஒட்டுகிற விளிம்பில் புள்ளிப் புள்ளியாக அச்சடித்த எழுத்து பாதி அழிந்திருந்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். கமரா இங்கே தடுமாறும். ஆனால் இரண்டு திகதியும் அச்சடித்திருந்தால் ஒரு சுலபமான வழி உண்டு: பிந்தியது முடிவு. ஒரே ஒரு திகதி மட்டும் தெரிந்தால் அதை முடிவுத் திகதி என்று கொள்ளவே கூடாது. அரபில் அதற்குப் பக்கத்தில் "ஸாலிஹ் லிமுத்தத் 12 ஷஹ்ர் மின் தாரீக் அல்-இன்தாஜ்" என்று இருக்கலாம், அதாவது உற்பத்தித் திகதியிலிருந்து 12 மாதத்துக்கு உகந்தது. அந்த வரியோடு 15/09/2024 என்று ஒரு திகதி இருந்தால் அது உற்பத்தி, முடிவு 14/09/2025. இதைக் கண்டுகொள்ளாமல் செப்டெம்பர் 2024 இல் காலாவதி என்று போட்டு நல்ல சாமானை எறியவும் வரலாம், மாறாக 12 மாதத்தை 24 என்று வாசித்துக் கெட்டதை விற்கவும் வரலாம்.

எண்களையும் பார்க்க வேண்டும். வளைகுடாப் பொருள் பலதில் திகதி எங்களுக்குத் தெரிந்த எண்ணில் இருக்கும். எகிப்துப் பொருளிலும் சிலவேளை சவூதிப் பொருளிலும் அரபு எண்கள் வரும். அதில் 5 வட்டமாக இருக்கும், நாங்கள் பூச்சியம் என்று வாசிப்போம். பூச்சியம் ஒரு புள்ளி, அழிந்த அச்சில் அழுக்குத் துகள் மாதிரித் தெரியும். 6 நம்முடைய 7 மாதிரி. 7 ஆங்கில வீ எழுத்து போல, 8 அதைக் கவிழ்த்த மாதிரி. 2 க்கு மேலே ஒரு பல், 3 க்கு இரண்டு பல். கிளிநொச்சியில் ஒரு கடையில் 2025 ஐ 2020 என்று வாசித்துப் பெட்டியோடு திருப்பி அனுப்பிய கதை கேட்டேன், அந்த ஐந்தின் வட்டம்தான் காரணம். எண்ணைப் படிக்கிறதில் மௌலவியும் அக்காவும் கமராவைவிட நம்பகம், ஏனென்றால் அக்காமார் அங்கே இலக்கத்தை மட்டுமாவது படித்திருப்பார்கள், காசும் வீட்டு இலக்கமும் அதில்தானே.

எண் ஒழுங்கு இன்னொரு சிக்கல். அரபு வலமிருந்து இடம் போனாலும் ஒரு எண்ணுக்குள் இலக்கம் இடமிருந்து வலமாகத்தான் நிற்கும், 25 என்றால் 25 தான். ஆனால் அரபு எண்ணில் எழுதிய திகதி பெரும்பாலும் வலமிருந்து தொடங்குவதால், கோட்டின் வலது ஓரத்தில் நாள், நடுவில் மாதம், இடது ஓரத்தில் ஆண்டு என்று நிற்கும். நாங்கள் இடமிருந்து வாசித்தால் ஆண்டு முதலில் வரும். ஆண்டு நான்கு இலக்கமாக இருந்தால் குழப்பம் இல்லை. இரண்டு இலக்கமாக இருந்தால் 25/08/12 என்பது 2025 ஆகஸ்ட் 12 ஆகவும் இருக்கலாம், 2012 ஆகஸ்ட் 25 ஆகவும் இருக்கலாம். 2012 என்பது நடைமுறையில் சாத்தியமில்லை, அதனால் தப்பித்தோம். ஆனால் 25/08/26 வந்தால் தப்ப முடியாது, அப்போது உற்பத்தித் திகதியோடு வைத்து ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆண்டு 14 இல் தொடங்கினால் அது ஹிஜ்ரி. ஹிஜ்ரி 1447, 2025 ஜூன் கடைசியில் தொடங்கியது. ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 11 நாள் குறைவு, ஆகவே வருடக் கழித்தல் கணக்கில் திகதியைக் கண்டுபிடிக்கப் பார்க்க வேண்டாம், மாற்றிப் பார்க்கிற நாட்காட்டி பள்ளிவாசலில் இருக்கும். சில பொதியில் இரண்டு ஆண்டும் சேர்ந்தே வரும், பக்கத்தில் ஹிஜ்ரிக்கு ஹா எழுத்தும் மற்றதுக்கு மீம் எழுத்தும் இருக்கும். மீம் உள்ளதை எடுங்கள். ஈராக், சிரியா, லெபனான் பொருளில் மாதப் பெயர் எழுத்தில் இருந்தால் அது வேறு பெயர்: நீஸான் ஏப்ரல், தம்மூஸ் ஜூலை, ஆப் ஆகஸ்ட், அய்லூல் செப்டெம்பர். வளைகுடாவில் வேலை செய்த அக்காவுக்கு இவை பழக்கம் இல்லாமல் இருக்கலாம்.

இப்போது சொல்லுக்கு வருவோம். "தாரீக் இன்திஹா அஸ்-ஸலாஹிய்யா" என்பது காலாவதியாகும் திகதி. "யுஃபள்ளல் இஸ்திஹ்லாக்குஹு கப்ல" என்பது இந்தத் திகதிக்கு முன் பாவிப்பது நல்லது, அதற்குப் பிறகு சுவை குறையலாம் என்கிற அளவில்தான் சொல்கிறது. இரண்டையும் "காலாவதி" என்று ஒரே சொல்லில் போடுவது வழக்கமாகிவிட்டது. பிஸ்கட்டில் அதனால் பெரிய நட்டம் இல்லை. ஆனால் தயிர், சீஸ், இறைச்சியில் முதல் வகையை இரண்டாவது போல இலகுவாக எழுதிவிட்டால் ஆட்கள் இரண்டு நாள் பிந்தியும் சாப்பிடுவார்கள். ஆகவே முதலாவதுக்கு "காலாவதியாகும் திகதி", இரண்டாவதுக்கு "இத்திகதிக்கு முன் பாவிப்பது சிறந்தது" என்று இரண்டு வரி வைத்துக்கொண்டு மாற்றிப் போடாமல் இருங்கள். மாதமும் ஆண்டும் மட்டும் உள்ள 08/2025 போன்ற திகதிக்கு நீங்களாக 01 அல்லது 31 சேர்க்க வேண்டாம், நீண்ட காலம் இருக்கிற பொருளுக்கு வளைகுடாவில் மாதமும் ஆண்டும் போதும், மாத முடிவு வரை என்று கொள்வார்கள். இருப்பதை அப்படியே எழுதுங்கள், பி.எச்.ஐ. கேட்டால் பக்கெற்றைக் காட்டலாம்.

திறந்த பிறகு எவ்வளவு காலம் என்பதையும் சேருங்கள். "பஅத் அல்-ஃபத்ஹ்" என்று எங்காவது வந்தால் திறந்த பின் என்று பொருள், அதன் பக்கத்தில் நாள் எண்ணிக்கை இருக்கும். எங்கள் வெக்கையில் திறந்து மேசையில் வைத்த சீஸ் மூன்று நாளைத் தாங்காது, அந்தப் பக்கெற் குளிரூட்டி உள்ள நாட்டுக்காக எழுதப்பட்டது. "யுஹ்ஃபள் ஃபீ மகான் பாரித் வ ஜாஃப்" என்கிற குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வை என்ற வரியை மாற்ற வேண்டாம், அதற்கு அடியில் கடைக்காரர் தன் சொந்தக் குறிப்பாக "குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவும்" என்று தனியே எழுதலாம், ஆனால் உற்பத்தியாளர் சொன்னதாகக் காட்டக்கூடாது.

ஆக என் தெரிவு இப்படி. சேர்பொருளுக்கு ஆங்கிலப் பக்கம் எலும்புக்கூடாக இருக்கட்டும், அரபு எண்ணிக்கையோடு ஒத்துப் பார்த்து, ஒவ்வாமை வரியையும் ஜெலற்றின், லபன், ஸம்ன் போன்ற சொற்களையும் மௌலவியும் அக்காவும் சேர்ந்து முடிக்கட்டும். ஹலால் வரிக்கு மௌலவி மட்டும் போதும், முத்திரையில் உள்ள அமைப்பின் பெயரை அவர் வாசிக்கட்டும். திகதிக்கு இருவர் தனித்தனியே வாசித்து ஒரே பதில் வந்தால் எழுதுங்கள், வராவிட்டால் அந்தப் பக்கெற்றை விற்பனைத் தட்டிலிருந்து எடுத்து வையுங்கள். கமராவுக்கு நான் கொடுக்கிற வேலை ஒன்றுதான்: எந்தப் பகுதி சேர்பொருள், எந்தப் பகுதி எச்சரிக்கை, எந்தப் பகுதி முகவரி என்று முதலில் பிரித்துக் காட்டுவது. அது கொடுத்த தமிழ் வரியை அப்படியே வெட்டி ஒட்டி அச்சுக்கு அனுப்ப வேண்டாம்.

இதற்கு ஆகிற நேரமும் ஒரு பொருளுக்கு ஒரு தடவைதான். அதே பொருள் அடுத்த முறை வந்தால் சேர்பொருள் வரி மாறவில்லையா என்று ஒரு தடவை ஒப்பிட்டுவிட்டுப் பழைய சொற்களையே எடுக்கலாம், திகதி மட்டும் புதிதாகப் படிக்க வேண்டும். ஆகவே திகதியை ஸ்டிக்கரில் அச்சடிக்காமல் வெற்றுக் கோடாக விட்டு, ஒவ்வொரு தொகுதிக்கும் அழியாத மையால் எழுதுவது நல்லது. ஸ்டிக்கரை ஒட்டும்போது அரபுத் திகதியையோ முத்திரையையோ மூட வேண்டாம். தமிழில் வாசித்துவிட்டுச் சந்தேகப்படுகிறவர் அசலைப் பார்க்க வேண்டும், அரபு தெரிந்தவர் ஒருவர் வந்தால் உங்கள் ஸ்டிக்கரைத் திருத்தவும் வேண்டும்.